அந்த 26 ரூபாய் 50 காசு எத்தனை சதவீதம்?

வாசகர் கடிதம்

"எனக்கு 66 வயது. கணவர் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாதம் 18,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. 2010ஆம் ஆண்டு கோல் இந்தியா பங்கு வெளியீட்டில் நாங்கள் இருவரும் விண்ணப்பித்து, 232.75 ரூபாய் வீதம் 400 பங்குகள் கிடைத்தன. இப்போது எல்லாம் என் பெயரில் இருக்கின்றன. 2024-25ஆம் ஆண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு மொத்தம் 26.50 ரூபாய் டிவிடெண்ட் தந்தார்கள். பங்கின் விலை இப்போது 390 ரூபாய் என்கிறார்கள். 'பதினோரு சதவீதத்துக்கு மேல் வருகிறது, எந்த வங்கி தரும்? அடுத்த மாதம் முதிர்கிற மூன்று லட்சம் டெபாசிட்டையும் இதிலேயே போடுங்கள்' என்கிறான் மகன். அந்த டெபாசிட் வட்டியில்தான் என் மருந்துச் செலவு நடக்கிறது. 'ஆறே முக்கால் சதவீதம்தான் வருகிறது, எல்லாவற்றையும் விற்றுவிட்டு வங்கியில் போடு' என்கிறான் என் தம்பி. பத்திரிகையிலோ 157.5 சதவீத டிவிடெண்ட் என்று போட்டிருந்தது. யார் சொல்வது சரி? பாஸ்புத்தக நகலும் அனுப்பியிருக்கிறேன். வரவேண்டிய தொகையைவிடக் குறைவாக வந்திருக்கிறதே, ஏன்?"

பதில்

அம்மா, உங்கள் வீட்டில் யாரும் கணக்கில் தப்பு செய்யவில்லை. மகன் சொல்லும் எண்ணும் சரி, தம்பி சொல்லும் எண்ணும் சரி, பத்திரிகை போட்டதும் சரி. டிவிடெண்டை மூன்று பேரும் வெவ்வேறு தொகையால் வகுத்திருக்கிறார்கள். எந்த முடிவுக்கு எந்த எண்ணை எடுக்க வேண்டும் என்பதில்தான் மகன் தவறுகிறார். அந்தத் தவறுக்கு உங்கள் மருந்துச் செலவுப் பணம் பணயமாகக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பத்திரிகைச் செய்தி. நம் நாட்டில் நிறுவனங்கள் டிவிடெண்டைப் பங்கின் முகமதிப்பில் இத்தனை சதவீதம் என்று அறிவிப்பது பழைய வழக்கம். கோல் இந்தியாவின் முகமதிப்பு 10 ரூபாய். 2024 நவம்பரில் தந்த இடைக்கால டிவிடெண்ட் 15.75 ரூபாய். பத்து ரூபாயில் அது 157.5 சதவீதம், அவ்வளவுதான். பத்து ரூபாய்க்குச் சந்தையில் யாரும் இந்தப் பங்கை வாங்கியதில்லை. ஆகவே இந்தச் சதவீதத்துக்கும் உங்களுக்கு வருகிற பலனுக்கும் தொடர்பே கிடையாது. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் முகமதிப்பைப் பார்த்து ரூபாயாக மாற்றிக்கொண்டு, சதவீதத்தை மறந்துவிடுங்கள்.

மகன் 26.50 ரூபாயை நீங்கள் வாங்கிய 232.75 ரூபாயால் வகுத்தார். 11.4 சதவீதம் வந்தது. தம்பி அதே 26.50 ரூபாயை இன்றைய 390 ரூபாயால் வகுத்தார். 6.8 சதவீதம் வந்தது. சந்தையில் 'டிவிடெண்ட் யீல்டு' என்று சொல்வது தம்பி போட்ட கணக்கைத்தான்.

டெபாசிட்டையும் அதே அளவுகோலால் அளந்தால்

மகன் ஒப்பிடும் விதத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பங்கை 2010ஆம் ஆண்டு விலையால் அளக்கிறார், வங்கியை இன்றைய வட்டியால் அளக்கிறார். இரண்டையும் ஒரே படியால் அளந்தால் என்ன ஆகிறது?

உங்கள் 400 பங்குகளின் இன்றைய மதிப்பு 1,56,000 ரூபாய். அவை ஆண்டுக்குத் தந்த டிவிடெண்ட் 10,600 ரூபாய். இன்று அவற்றை விற்று, மூத்த குடிமக்களுக்கான 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 10,920 ரூபாய் வரும். இந்தப் பணத்துக்கு நீங்கள் 2010ல் போட்ட முதல் 93,100 ரூபாய். மகனின் கணக்குப்படி 10,920 ரூபாயை 93,100 ரூபாயால் வகுத்தால் 11.7 சதவீதம். ஆக, எந்த வங்கி 11 சதவீதம் தரும் என்று அவர் கேட்கிறாரே, அந்த அளவுகோலில் உங்கள் தெருமுனை வங்கியே 11.7 சதவீதம் தருகிறது.

வாங்கிய விலையில் கணக்கிடும் 11.4 சதவீதம், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவுக்குக் கிடைத்த மதிப்பெண். அதை நினைத்து நீங்கள் மகிழலாம், உங்கள் கணவரும் மகிழ்ந்திருப்பார். ஆனால் வைத்திருப்பதா, விற்பதா, இன்னும் வாங்குவதா என்று இன்று முடிவெடுக்கும்போது உங்கள் கையில் இருப்பது 1,56,000 ரூபாய் பெறுமானமுள்ள ஒரு சொத்து. அந்தத் தொகை எங்கே என்ன தரும் என்பதுதான் கேள்வி.

மூன்று லட்சத்தையும் இதிலேயே போடலாம் என்ற யோசனை இந்த இடத்தில்தான் சரிகிறது. புதிய பங்குகளை யாரும் உங்களுக்கு 232.75 ரூபாய்க்குத் தரப்போவதில்லை. 390 ரூபாய் வீதம் மூன்று லட்சத்துக்கு 769 பங்குகள் கிடைக்கும். டிவிடெண்ட் அதே 26.50 ரூபாயாக நீடித்தால் ஆண்டுக்கு 20,400 ரூபாயை ஒட்டி வரும். மகன் மனத்தில் இருப்பதோ 34,000 ரூபாய். பழைய விலையில் பிறந்த சதவீதத்தைப் புதிய பணத்தோடு பெருக்கியதால் இல்லாத 13,600 ரூபாய் அங்கே முளைத்துவிட்டது.

டிவிடெண்ட் ஏழு சதவீதம், உண்மையான பலன் இரண்டரை

தம்பியின் 6.8 சதவீதமும் முழுப் படம் இல்லை. டிவிடெண்ட் யீல்டு ஓராண்டின் பண வரவை மட்டும் சொல்கிறது. பங்கின் விலை இதற்கிடையில் ஏறியதா இறங்கியதா என்று அது சொல்லாது. இரண்டையும் சேர்த்தால்தான் உண்மையான பலன் தெரியும். இதற்கு வேறெங்கும் போக வேண்டாம், உங்கள் பங்கே போதும்.

2020 அக்டோபர் கடைசிக்கு மனத்தளவில் போய் நில்லுங்கள். நீங்கள் பங்கை வாங்கிப் பத்து ஆண்டுகள் முடிந்திருக்கின்றன. 2010-11 முதல் 2019-20 வரை பங்கு ஒன்றுக்கு வந்த டிவிடெண்டை எல்லாம் கூட்டினால் சுமார் 166 ரூபாய். சராசரியாக ஆண்டுக்கு 16 ரூபாய்க்கு மேல், அதாவது வாங்கிய விலையில் ஏழு சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று சந்தையில் பங்கின் விலை 115 ரூபாயைச் சுற்றியே இருந்தது. போட்ட 232.75 ரூபாயில் பாதி கரைந்துவிட்டது. வந்த டிவிடெண்டையும் மிஞ்சிய விலையையும் சேர்த்து, பணம் வந்த தேதிகளையும் கணக்கில் கொண்டால், அந்தப் பத்து ஆண்டுகளின் பலன் ஆண்டுக்கு சுமார் இரண்டரை சதவீதம்தான். வருமானம் என்று நினைத்துச் செலவழித்த டிவிடெண்டின் பெரும்பகுதி, உண்மையில் உங்கள் முதலே சிறுகச் சிறுகத் திரும்பி வந்ததுதான்.

அதன்பின் காற்று திசை மாறியது. 2022ல் உக்ரைன் போரை ஒட்டி நிலக்கரி விலை ஏறியது, நிறுவனத்தின் லாபம் பெருகியது, டிவிடெண்டும் 24, 25, 26 ரூபாய் என்று உயர்ந்தது. 2024ல் பங்கின் விலை 500 ரூபாயையும் தாண்டி, பிறகு இறங்கி இப்போது 390க்கு வந்திருக்கிறது. பதினைந்து ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் உண்மையான பலன் ஆண்டுக்கு சுமார் பத்து சதவீதம். இது நல்ல பலன்தான். ஆனால் மகனின் 11.4ம் இல்லை, தம்பியின் 6.8ம் இல்லை.

இந்த எண்ணை மகனே கணினியில் போட்டுப் பார்க்கலாம். ஒரு விரிதாளின் முதல் பத்தியில் தேதிகள், இரண்டாவது பத்தியில் தொகைகள். பங்கு வாங்கிய தொகைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். கைக்கு வந்த ஒவ்வொரு டிவிடெண்டும் ஒரு வரி. கடைசி வரியில் இன்றைய தேதியும் இன்றைய மதிப்பும். மொத்தம் நாற்பது வரிகள் வந்தால் சூத்திரம் இப்படி இருக்கும்:

```
=XIRR(B1:B40, A1:A40)
```

தேதிகளைக் கேட்பதால்தான் இந்தச் சூத்திரம் நம்பத்தக்கது. 2014ல் வந்த 29 ரூபாயும் 2025ல் வரும் 29 ரூபாயும் ஒன்றல்ல. முன்னால் வந்த பணத்துக்கு மதிப்பு அதிகம்.

டிவிடெண்ட் நிலைக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது

பங்கை வைத்திருப்பதானால் ஒரே ஒரு சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்யுங்கள். ஒரு பங்குக்கு நிறுவனம் ஈட்டிய லாபத்தை அதன் ஆண்டறிக்கையில் போட்டிருப்பார்கள். அதன் பக்கத்தில் டிவிடெண்டை வைத்துப் பாருங்கள்.

2013-14ல் கோல் இந்தியா ஒரு பங்குக்கு ஈட்டிய லாபம் ஏறத்தாழ 24 ரூபாய், தந்த டிவிடெண்ட் 29 ரூபாய். 2015-16ல் லாபம் 23 ரூபாயை ஒட்டி, டிவிடெண்ட் 27.40 ரூபாய். ஈட்டியதைவிட அதிகமாகத் தந்தார்கள் என்றால், முன்னாளில் சேர்த்து வைத்த பணத்திலிருந்து எடுத்துத் தந்தார்கள் என்று பொருள். குதிருக்குள் இருக்கும் நெல்லை அள்ளிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அடி தெரியும். 2019-20ல் டிவிடெண்ட் 12 ரூபாயில் வந்து நின்றது. நான்கே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே. 2016ல் ஒன்பது சதவீத யீல்டு என்று நம்பி, ஏறத்தாழ 290 ரூபாய்க்கு இந்தப் பங்கை வாங்கியவருக்கு அந்த ஆண்டு கிடைத்தது நான்கு சதவீதம்தான்.

இன்று நிலைமை அப்படி இல்லை. 2024-25ல் ஒரு பங்குக்கு லாபம் சுமார் 57 ரூபாய், டிவிடெண்ட் 26.50 ரூபாய். லாபத்தில் பாதிகூட இல்லை. பங்குகளில் 63 சதவீதம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. அரசு நிறுவனங்கள் லாபத்தில் குறைந்தது 30 சதவீதமோ நிகர மதிப்பில் 4 சதவீதமோ, எது அதிகமோ அதை டிவிடெண்டாகத் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆகவே டிவிடெண்ட் ஒரேயடியாக நின்றுபோகும் என்று நான் அஞ்சவில்லை. ஆனால் லாபமே குறைந்தால் டிவிடெண்டும் குறையும். 2024-25ல் லாபம் முந்தைய ஆண்டைவிடக் குறைவு, டிவிடெண்ட் ஒரு ரூபாய் அதிகம். இது அபாயச் சங்கு இல்லைதான். ஆனாலும் இதே நிலை மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி என்ன செய்யலாம்

மூன்று லட்சத்தைப் பங்கில் போடாதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அது மருந்துப் பணம். டிவிடெண்ட் மறுபடி 12 ரூபாய்க்கு இறங்கினால், அந்த 769 பங்குகளும் ஆண்டுக்கு 9,200 ரூபாய்தான் தரும். அப்போது விலையும் இறங்கியிருக்கும் என்பதால் விற்கவும் மனம் வராது. டெபாசிட் முதிர்ந்ததும் அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். இப்போதைய வட்டி 8.2 சதவீதம். மூன்று லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6,150 ரூபாய் வரும், ஐந்து ஆண்டுகளுக்கு மாறாது. மகன் சொல்லும் திட்டத்தைவிட ஆண்டுக்கு நாலாயிரம் ரூபாய் அதிகம், முதலும் பத்திரம்.

400 பங்குகளைப் பொறுத்தவரை தம்பி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: 'இன்று என் கையில் 1,56,000 ரூபாய் ரொக்கமாக இருந்தால், அதை முழுவதும் இந்த ஒரே நிறுவனத்தில் போடுவேனா?' 66 வயதில், மாதம் 18,000 ரூபாய் ஓய்வூதியத்தில், நான் போடச் சொல்லமாட்டேன். பாதி போடலாம் என்பேன். ஓய்வூதியமும் வட்டியும் ஐந்து ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும், விலைவாசி நிற்காது. வளரக்கூடிய ஒரு வருமானம் கொஞ்சமாவது கையில் இருப்பது நல்லது. எனவே 200 பங்குகளை விற்று, வரும் 78,000 ரூபாயையும் அதே சேமிப்புத் திட்டத்தில் சேர்த்துவிடலாம். விலை 115க்கு இறங்கிய நாட்களில் நீங்கள் தூக்கம் கெடாமல் இருந்தவர் என்றால், 400ஐயும் வைத்திருப்பது பிழையாகாது. அது உங்கள் மனத்துக்குத்தான் தெரியும்.

விற்றால் வரி வருமோ என்று தயங்க வேண்டாம். கணவர் பெயரிலிருந்து உங்களுக்கு வந்த பங்குகளுக்கும் அவர் வாங்கிய விலைதான் கணக்கு. நானூறையும் இன்று விற்றாலும் மொத்த லாபம் 63,000 ரூபாய்க்குள்தான். நீண்டகால மூலதன ஆதாயத்தில் ஓராண்டில் 1,25,000 ரூபாய் வரை வரி இல்லை.

டிவிடெண்ட் அறிவிப்பதற்குச் சற்று முன் வாங்கி, பணம் வந்ததும் விற்றுவிடலாம் என்று மகன் சொல்லக்கூடும். பலரும் கேட்பது இது. டிவிடெண்ட் உரிமை நீங்கும் நாளில் பங்கின் விலை ஏறத்தாழ அந்த டிவிடெண்ட் அளவுக்குக் கீழே இறங்கித்தான் தொடங்கும். ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்டு, நடுவில் தரகும் கொடுத்ததாக ஆகும்.

பாஸ்புத்தகத்தில் குறைந்த பணம்

நகலில் இரண்டு வரிகளைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறீர்கள். 2024 நவம்பரில் 6,300 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 5,670. 2025 பிப்ரவரியில் 2,240 ரூபாய்க்குப் பதில் 2,016. இரண்டிலும் சரியாகப் பத்து சதவீதம் பிடித்திருக்கிறார்கள், மொத்தம் 854 ரூபாய். 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டுக்கு வரி, பங்குதாரரின் தலையில் வந்துவிட்டது. ஒரு நிறுவனம் ஓராண்டில் ஒருவருக்குத் தரும் டிவிடெண்ட் வரம்பைத் தாண்டினால் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தரும். அந்த ஆண்டு வரம்பு 5,000 ரூபாய், 2025 ஏப்ரல் முதல் 10,000 ரூபாய். நீங்கள் 200 பங்குகளை விற்றால் இனி இந்த வரம்புக்குள்ளேயே வந்துவிடுவீர்கள்.

பிடித்தது உங்கள் இறுதி வரி அல்ல. ஓய்வூதியம், வட்டி, டிவிடெண்ட் எல்லாம் சேர்த்தும் உங்கள் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லை. ஆகவே 854 ரூபாயும் உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். 2024-25க்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய 2025 டிசம்பர் 31தான் கடைசி நாள். பங்குகளை எல்லாம் வைத்துக்கொள்வதாக முடிவெடுத்தால், வரி வராத மூத்த குடிமக்கள் கொடுக்கும் உறுதிமொழிப் படிவத்தை (பல ஆண்டுகளாக 15எச் என்ற பெயரில் புழங்குவது) ஆண்டுதோறும் நிறுவனத்தின் பங்குப் பதிவாளருக்கு அனுப்பிவிடுங்கள். டிமேட் கணக்கில் பான் எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். கணவர் பெயரிலிருந்து மாற்றிய கணக்குகளில் இது விடுபட்டிருந்தால் பத்துக்குப் பதில் இருபது சதவீதம் பிடிப்பார்கள்.